இரண்டு கப்பல்களுக்கும் ஒரே பெயர்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். தென் மாநிலங்களின் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் நூற்பாலைகள் தவித்தன. பம்பாயிலிருந்து கப்பலேறும் சூரத்துப் பஞ்சுக்கு லிவர்பூலில் பெரும் கிராக்கி. அந்தச் சந்தையில் ஒரு பேரம் முடிந்தது: 125 பொதி சூரத்துப் பஞ்சு, பவுண்டு எடைக்கு 17¼ பென்ஸ் விலை, பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற கப்பலில் வந்து சேர வேண்டும். சரக்கு, அளவு, விலை, கப்பல் எல்லாம் காகிதத்தில் தெளிவாக இருந்தன.

ஆனால் அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று அக்டோபரில் பம்பாயை விட்டுக் கிளம்பியது, மற்றொன்று டிசம்பரில். வாங்கியவர்கள் மனத்தில் இருந்தது அக்டோபர் கப்பல். விற்றவர் அனுப்பியதோ டிசம்பர் கப்பலில். சரக்கு வந்து சேர்ந்தபோது, "நாங்கள் வாங்கியது இந்தப் பஞ்சு இல்லை" என்று வாங்கியவர்கள் மறுத்தார்கள். "பியர்லெஸ் என்றுதானே எழுதியிருக்கிறது, இதுவும் பியர்லெஸ்தானே" என்று விற்றவர் வழக்குப் போட்டார். 1864-ல் இங்கிலாந்து நீதிமன்றம் வாங்கியவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம் எதையும் அது விரித்து எழுதவில்லை. ஆனாலும் 'ராபிள்ஸ் எதிர் விசெல்ஹாஸ்' என்ற இந்த வழக்கைப் படிக்காமல் எந்தச் சட்ட மாணவரும் ஒப்பந்தச் சட்டத்தைத் தாண்டிப் போவதில்லை.

இந்த வழக்கில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஏமாற்றியவரும் இல்லை. யார் தப்பு செய்தார்கள் என்று தேடிப் போனால் விடை கிடைக்காது. சட்டம் தேடுவதும் அதை அல்ல. "இவர்கள் இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் ஒப்புக்கொண்டார்களா?" என்பதே அதன் கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, தன் 13-ஆம் பிரிவில் சம்மதம் என்பதற்குச் சொல்லும் இலக்கணமும் இதுதான்: ஒரே விஷயத்தை, ஒரே பொருளில் இருவரும் ஏற்றுக்கொள்வது. அது அமையவில்லை என்றால், எத்தனை கையெழுத்து இருந்தாலும் அங்கே உடன்பாடு பிறக்கவே இல்லை.

மூன்று வகை

ஒப்பந்தம் போடும்போது நேரும் பிழையைச் சட்ட நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. இருவரும் ஒரே தவறான நம்பிக்கையில் இருப்பது பொதுப் பிழை. இறந்துபோன குதிரை உயிரோடு இருப்பதாக எண்ணி ஒருவர் விற்க, அதே எண்ணத்தில் இன்னொருவர் வாங்குவதைப் போல. ஆளுக்கு ஒன்றாக நினைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்குத் தலையாட்டுவது பரஸ்பரப் பிழை. பியர்லெஸ் வழக்கு அந்த வகை. ஒருவர் மட்டும் தவறாக நினைத்திருக்க, மற்றவர் சரியாகவே புரிந்துகொண்டிருப்பது ஒருதலைப் பிழை.

இந்தப் பெயர்களை நீதிமன்றங்கள் எப்போதும் கறாராகக் கையாள்வதில்லை. இந்தியச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு முதல் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, 'இருவருமே பிழையில் இருந்தால்' என்று பேசுகிறது. உடன்பாட்டுக்கு இன்றியமையாத ஓர் உண்மை நிலையைப் பற்றி இரு தரப்பும் தவறான எண்ணத்தில் இருந்தால், அந்த உடன்பாடு செல்லாது. 22-ஆம் பிரிவு மூன்றாவதைத் தனியே எடுத்துக்கொள்கிறது: ஒருவர் மட்டும் பிழையில் இருந்தார் என்பதாலேயே ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. வழக்கு எந்தப் பக்கம் விழும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு பிரிவுகளுக்கு நடுவில்தான் தீர்மானமாகிறது.

இல்லாத சரக்கை விற்ற கதை

பொதுப் பிழைக்கு நூல்கள் காட்டும் முதல் வழக்கும் ஒரு கப்பலைப் பற்றியதுதான். 1848-ல் கிரேக்கப் பகுதியின் சலோனிகா துறைமுகத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றிய கப்பல் ஒன்று இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. வழியில் சோளம் சூடேறிப் புளிக்கத் தொடங்கியது. இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் முழுவதும் வீணாகிவிடும் என்று கண்ட கப்பல் தலைவர், துனிஸ் துறைமுகத்தில் கிடைத்த விலைக்கு ஏப்ரல் மாதம் அதை விற்றுவிட்டார். அந்தச் செய்தி லண்டனுக்குத் தெரியாது. அங்கே மே மாதம் அதே சோளத்துக்கு விலை பேசி முடித்தார்கள். விற்றவர் தரப்பும் வாங்கியவரும் சோளம் கடலில் வந்துகொண்டிருப்பதாகவே நம்பினார்கள்.

உண்மை தெரிந்ததும் வாங்கியவர் பணம் தர மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1856-ல் முடிந்தது. விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதே அந்தப் பேரத்தின் அடிப்படை, பொருள் இல்லாதபோது விலை கேட்க இடமில்லை என்றது சபை. பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த இந்தியச் சட்டம், 20-ஆம் பிரிவுக்குக் கீழே ஏறக்குறைய இதே நிலைமையை எடுத்துக்காட்டாகத் தருகிறது. இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வருவதாக நம்பி ஒரு குறிப்பிட்ட சரக்கை இருவர் பேரம் பேசுகிறார்கள். பேரம் முடிந்த நாளுக்கு முன்பே கப்பல் சிதைந்து சரக்கு அழிந்துவிட்டது. இருவருக்கும் அது தெரியாது. உடன்பாடு செல்லாது.

இங்கே நேரம் முக்கியம். பேரம் முடிவதற்கு முன்பே சரக்கு அழிந்திருந்தால்தான் அது பிழை. பேரம் முடிந்த மறுநாள் கப்பல் மூழ்கினால் அது பிழை ஆகாது. அப்போது உடன்பாடு ஒழுங்காகப் பிறந்துவிட்டது. பிறகு நிறைவேற்ற முடியாமல் போய்விட்டது. அதற்கு 56-ஆம் பிரிவு என்ற வேறு வழி இருக்கிறது. எனவே, வழக்கறிஞர் முதலில் இரண்டு தேதிகளைக் கேட்பார்: ஒப்பந்தம் என்று முடிந்தது, பொருள் என்று இல்லாமல் போனது.

பொருள் அடியோடு இல்லை என்றால் முடிவு எளிது. பொருள் இருக்கிறது, ஆனால் நினைத்தது போல இல்லை என்னும்போதுதான் சிக்கல் வருகிறது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு தூரம் இருந்தால் உடன்பாடு செல்லாமல் போகும்? 2002-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியைச் சந்தித்தது.

1999 செப்டம்பரில், பிரேசிலிலிருந்து சீனாவுக்கு இரும்புத் தாது ஏற்றிச் சென்ற 'கேப் ப்ராவிடன்ஸ்' என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் பலத்த சேதமடைந்தது. மாலுமிகளின் உயிருக்கே ஆபத்து. மீட்புப் பணியை ஏற்ற நிறுவனம், பக்கத்தில் நிற்கத் துணைக் கப்பல் ஒன்று தேடியது. 'கிரேட் பீஸ்' என்ற கப்பல் வெறும் 35 மைல் தூரத்தில் இருப்பதாகத் தகவல் வந்தது. குறைந்தது ஐந்து நாள் வாடகை என்று பேசி ஒப்பந்தம் முடித்தார்கள். பிறகுதான் தெரிந்தது: இரண்டு கப்பல்களுக்கும் இடையே உண்மையில் 410 மைல்.

அப்போதும் மீட்பு நிறுவனம் உடனே ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. இன்னும் பக்கத்தில் வேறு கப்பல் கிடைக்குமா என்று பார்த்தது. கிடைத்த பிறகுதான் 'கிரேட் பீஸ்' வேண்டாம் என்று சொல்லி, பிழையால் நேர்ந்த ஒப்பந்தம், செல்லாது என்று வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. தூரம் பத்து மடங்குக்கு மேல் தவறிப்போனது உண்மை. ஆனாலும் அந்தக் கப்பல் வந்து சேர்ந்திருந்தால் துணை நிற்க முடிந்திருக்கும். பேசிய பணி முடியாத பணியாகவோ முற்றிலும் வேறொரு பணியாகவோ மாறிவிடவில்லை. வேறு கப்பல் கிடைக்கும்வரை இதைக் கையில் வைத்திருந்ததே, இதற்கும் பயன் உண்டு என்று அவர்களே நினைத்ததற்குச் சான்று. ஐந்து நாள் வாடகையான 82,500 டாலரைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எதிர்பார்த்த லாபம் வரவில்லை, செலவு கூடிவிட்டது, வசதி குறைந்துவிட்டது என்பவை எல்லாம் போதாது. ஒப்பந்தம் எதற்காகவோ அதையே இல்லாமல் ஆக்கும் பிழையாக இருக்க வேண்டும். அந்த ஆபத்தை யார் தாங்குவது என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தாலும், ஒருவர் உறுதிமொழி கொடுத்திருந்தாலும், பிழை என்ற வாதத்துக்கு இடமில்லை; ஒப்பந்தம் சொன்னபடி நடக்கும்.

இந்தியச் சட்டம் இந்த எல்லைக் கோட்டை 20-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறது. ஒரு பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கணிப்பு, உண்மை நிலை பற்றிய பிழையாகக் கருதப்படாது. ஐந்து லட்சம் பெறும் என்று இருவருமே நம்பிய மனை இரண்டு லட்சத்துக்குத்தான் போகும் என்று பிறகு தெரிந்தால், வாங்கியவருக்கு இந்தப் பிரிவில் பரிகாரம் இல்லை. விலை கணிப்பதே வியாபாரம். அதில் தவறினால் தாங்க வேண்டியவர் கணித்தவரே.

சட்டம் தெரியாமல் செய்த பிழையும் அப்படித்தான். ஒரு கடன் காலாவதியாகிவிட்டது என்று இருவரும் தவறாக நம்பி அதன்மேல் ஓர் ஒப்பந்தம் போட்டால், அது செல்லும் என்கிறது 21-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு. அயல்நாட்டுச் சட்டத்தைப் பற்றிய பிழை மட்டும் உண்மை நிலை பற்றிய பிழைக்கு இணையாக எடுத்துக்கொள்ளப்படும்.

பாட்டியாலா நிலம்

பியர்லெஸ் கப்பல் ஏதோ பழங்கால விநோதம் என்று தோன்றலாம். அதே சிக்கல் நிலத்தில் வந்தபோது நம் உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்த்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்தில் 48 கனால் 11 மர்லா விவசாய நிலம். 1988 மே மாதம் கிரய ஒப்பந்தம் ஆனது. வாங்குபவர் 77,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். கிரயம் நடக்கவில்லை. கிரயம் செய்து தரும்படி உத்தரவிடக் கோரி வாங்குபவர் வழக்குத் தொடுத்தார். விசாரணையில் வெளிவந்த விஷயம் இது: விற்பவர் நிலத்தை பிகா கணக்கில் விற்பதாக நினைத்திருக்கிறார். வாங்குபவர் கனால் கணக்கில் வாங்குவதாக நினைத்திருக்கிறார். பஞ்சாபில் இரண்டு அளவுகளும் புழக்கத்தில் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. எட்டு கனால் ஓர் ஏக்கர் என்பது கனால் கணக்கு. பிகாவின் அளவு வேறு.

அளவின் பெயரில் வந்த குழப்பம் சின்ன விஷயம் இல்லையா, அதற்காக ஒப்பந்தமே செல்லாது என்பதா என்று கேட்கலாம். உச்ச நீதிமன்றம் அதைப் படிப்படியாக விளக்கியது. எந்த அளவு என்பதில் தகராறு என்றால், எவ்வளவு நிலம் என்பதில் தகராறு. எவ்வளவு நிலம் என்பது விற்பனையின் கருப்பொருள். ஆகவே இருவரும் ஒப்பந்தத்தின் இன்றியமையாத விஷயத்திலேயே பிழையில் இருந்திருக்கிறார்கள். 20-ஆம் பிரிவின்படி உடன்பாடு செல்லாது. கிரயம் செய்து தரும்படி விற்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

விற்பவர் அதோடு விடவில்லை. வாங்குபவர் தவறினால் முன்பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, எனவே 77,000 தனக்கே என்றார். நீதிமன்றம் மறுத்தது. ஒப்பந்தமே செல்லாது என்றால் அதற்குள் இருக்கும் அந்த நிபந்தனை மட்டும் எப்படிச் செல்லும்? செல்லாத உடன்பாட்டின் மூலம் ஒருவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. முன்பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவாயிற்று.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்குக் குழி என்ற அளவு நினைவுக்கு வரும். சென்ட், ஏக்கர் எங்கும் ஒன்றே. குழியின் அளவோ ஊருக்கு ஊர் மாறுகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் டெல்டா பக்கம் நிலம் வாங்கும்போது 'இத்தனை குழி' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால், பாட்டியாலாவில் நடந்தது இங்கும் நடக்கலாம்.

பரஸ்பரப் பிழை என்று வாதாடுகிறவர் தம் மனத்தில் இருந்ததைச் சொன்னால் மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒப்பந்த எழுத்தையும் சுற்றுச் சூழலையும் நடுநிலையான ஒருவர் பார்த்தால் ஒரே பொருள்தான் தோன்றும் என்றால், அந்தப் பொருளே இருவரையும் கட்டும். பியர்லெஸ் வழக்கில் பெயரை எத்தனை முறை படித்தாலும் எந்தக் கப்பல் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அங்கே உடன்பாடு பிறக்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் பின் பதினைந்தாம் நாள்

ஒருதலைப் பிழை எவ்வளவு கடுமையாக முடியும் என்பதற்கு 1892-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று போதும். ஹஜ் பயணிகளை ஜெத்தாவிலிருந்து பம்பாய்க்கு அழைத்து வர ஒருவர் நீராவிக் கப்பல் ஒன்றை வாடகைக்குப் பேசினார். 1892 ஆகஸ்ட் 10-ஆம் தேதி கப்பல் ஜெத்தாவிலிருந்து புறப்பட வேண்டும். அந்தத் தேதியோடு, ஹஜ்ஜுக்குப் பின் பதினைந்தாம் நாள் என்ற குறிப்பும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நாள்.

ஆனால் ஹிஜ்ரி நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவது. அந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் பின் பதினைந்தாம் நாள் ஜூலை 19-லேயே வந்துவிட்டது. ஆகஸ்ட் 10 வரை கப்பலுக்காகக் காத்திருந்தால் பயணிகள் மூன்று வாரம் ஜெத்தாவில் தங்க வேண்டும். அதற்குள் வேறு கப்பல்களில் ஏறிப் போய்விடுவார்கள். தேதியை ஜூலை 19 என்று திருத்தித் தரும்படி அவர் நீதிமன்றத்தைக் கேட்டார்.

நீதிமன்றம் கப்பல் நிறுவனத்தின் நிலையைப் பார்த்தது. ஆகஸ்ட் 10 ஹஜ்ஜுக்குப் பின் எத்தனையாவது நாள் என்பதில் அந்த நிறுவனத்துக்கு எந்த எண்ணமும் இல்லை. ஆகஸ்ட் 10 அன்று கப்பல் தருவதாக ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். தவறாகக் கணக்கிட்டவர் ஒருவர் மட்டுமே. எனவே எழுத்தைத் திருத்தவும் வழியில்லை, பிழையைக் காரணம் காட்டி விலகவும் வழியில்லை.

இது இரக்கமற்ற தீர்ப்பாகத் தெரியலாம். ஆனால் எதிர்த் தரப்பில் நின்று பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் ஆகஸ்ட் 10-ஐ நம்பித் தன் கப்பலின் மற்றப் பயணங்களை வகுத்திருக்கும். "நான் மனத்தில் நினைத்தது வேறு" என்று ஒருவர் சொன்னவுடன் ஒப்பந்தம் கலையும் என்றால், யாரும் யாருடைய கையெழுத்தையும் நம்ப முடியாது. 22-ஆம் பிரிவு கையெழுத்தை நம்பியவரைக் காப்பாற்றுகிறது. அது சரியென்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு? நம்பியவருக்குத்தான். எதிரே இருப்பவர் தவறிவிட்டார் என்று தெரிந்தே பேரத்தைப் பிடித்துக்கொண்டவர் எதையும் நம்பவில்லை. அவருக்கு அது கிடைக்கக் கூடாது. சிங்கப்பூரில் நடந்த அச்சுப்பொறி வழக்கு இதற்குத் தெளிவான சான்று.

2003 ஜனவரி 13. ஒரு நிறுவனத்தின் இணையக் கடையில் 3,854 சிங்கப்பூர் டாலர் விலையுள்ள லேசர் அச்சுப்பொறிக்கு 66 டாலர் என்று விலை போட்டிருந்தது. பணியாளர் பயிற்சிக்காக இட்ட எண்கள் தவறுதலாக விற்பனைப் பக்கத்தில் ஏறிவிட்டன. நள்ளிரவுக்குப் பிறகு அதைக் கண்ட நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டு வாங்கிக் குவித்தார்கள். வழக்காடிய ஆறு பேர் மட்டும் 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். 61 லட்சம் டாலருக்கு மேல் பெறும் பொருள், ஏறக்குறைய ஒரு லட்சத்து ஆறாயிரம் டாலருக்கு. ஆர்டர் உறுதியானது என்று கணினி தானாகவே மின்னஞ்சலும் அனுப்பிவிட்டது. காலையில் பிழையைக் கண்ட நிறுவனம் பொருளைத் தர மறுத்தது.

விலையை நிறுவனமேதான் போட்டது, உறுதியும் செய்தது என்று ஆறு பேரும் வாதாடினார்கள். நீதிமன்றம் அவர்களுக்குள் பரிமாறிக்கொண்ட செய்திகளைப் படித்தது. அந்த அச்சுப்பொறியின் சந்தை விலையை அவர்கள் இணையத்தில் தேடிப் பார்த்திருந்ததைக் கண்டது. வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்கவில்லை, நூற்றுக்கணக்கில் வாங்கியிருந்தார்கள். விலை தவறு என்று அவர்களுக்குத் தெரியும் என்ற முடிவுக்கு வந்தது. 2004-ல் உயர் நீதிமன்றமும் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்பந்தம் செல்லாது என்றன. ஒப்பந்தத்தின் ஒரு முக்கிய நிபந்தனையில் ஒருவர் தவறியிருக்கிறார், மற்றவருக்கு அது உண்மையிலேயே தெரிந்திருக்கிறது என்றால், அங்கே உண்மையான சம்மதம் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எதிராளி நிபந்தனையில் தவறியிருக்கிறார் என்பதைத் தெரிந்திருப்பது வேறு. பொருளின் தரத்தைத் தவறாக மதிப்பிடுகிறார் என்பதைத் தெரிந்திருப்பது வேறு. 1871-ல் இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஒருவர் ஓட்ஸ் தானியம் வாங்கினார். மாதிரியைப் பார்த்துத்தான் வாங்கினார். அவருக்கு வேண்டியது பழைய தானியம். வந்தது புதுத் தானியம். பழையது என்று விற்றவர் சொல்லவே இல்லை என்றால், வாங்குபவர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்து அவர் சும்மா இருந்தாலும் ஒப்பந்தம் செல்லும் என்றது நீதிமன்றம். பழையது என்று உறுதி சொல்லி விற்கிறார் என்றே வாங்கியவர் நம்பியதும், அந்த நம்பிக்கை விற்றவருக்குத் தெரிந்திருந்ததும் மெய்ப்பட்டால்தான் நிலைமை மாறும். தரத்தை ஆராய்ந்து பார்ப்பது வாங்குபவர் வேலை. நிபந்தனையில் நேர்ந்த தவறைக் கண்டும் காணாததுபோல் பறித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

இந்தியாவில் 22-ஆம் பிரிவு 'பிழை என்பதாலேயே' ரத்து செய்ய முடியாது என்றுதான் சொல்கிறது. எதிர்த் தரப்பு தெரிந்தே உண்மையை மறைத்தது, பொய் சொன்னது என்று காட்ட முடிந்தால், மோசடி பற்றிய 17-ஆம் பிரிவும் தவறான கூற்று பற்றிய 18-ஆம் பிரிவும் துணைக்கு வரும்.

செல்லாதது வேறு, ரத்து செய்யத்தக்கது வேறு

மோசடியால் நேர்ந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். செய்யும்வரை அது உயிரோடு இருக்கும். செல்லாத உடன்பாடோ முதல் நாளிலிருந்தே இல்லாதது. இந்த வேறுபாட்டின் வலி பெரும்பாலும் மூன்றாவது ஆள் தலையில்தான் இறங்குகிறது.

1870-களில் லண்டனில் பிளென்கார்ன் என்ற மோசடிக்காரர், அதே தெருவிலிருந்த 'பிளென்கிரான்' என்ற நல்ல பெயர் வாங்கிய நிறுவனத்தின் பெயர்போலத் தோன்றும்படி கையெழுத்திட்டு, பெல்பாஸ்ட் நகரத்துக் கைக்குட்டை உற்பத்தியாளர்களுக்கு ஆர்டர் அனுப்பினார். அவர்களும் பிளென்கிரானுக்கு அனுப்புவதாக நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்பினார்கள். பிளென்கார்ன் அதில் 250 டஜன் கைக்குட்டைகளை விவரம் அறியாத வேறொரு வியாபாரியிடம் விற்றுவிட்டார். அந்த வியாபாரி முழுப்பணமும் கொடுத்து நேர்மையாக வாங்கியவர். ஆனால் பிரபுக்கள் சபை 1878-ல் என்ன சொன்னது? உற்பத்தியாளர்கள் பிளென்கார்ன் என்ற ஆளை நினைக்கவே இல்லை. அவரோடு ஒப்பந்தமே இல்லை. ஆகவே சரக்கின் உரிமை அவருக்கு வரவில்லை. வராத உரிமையை அவர் யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நேர்மையான வியாபாரி சரக்கின் மதிப்பை உற்பத்தியாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெறும் மோசடி என்று மட்டும் கொண்டிருந்தால், ரத்தாவதற்கு முன் நல்லெண்ணத்தோடு வாங்கிய அந்த வியாபாரி தப்பியிருப்பார். பிழையின் பெயரால் ஓர் ஒப்பந்தத்தைச் 'செல்லாது' என்று அறிவிக்க நீதிமன்றங்கள் தயங்குவதற்கு இதுவே பெரிய காரணம். இருவருக்கு நடுவில் நேர்ந்த தவறின் விலையை, அந்தப் பேரத்தில் இல்லாதவர் கொடுக்க நேர்கிறது.

எழுத்துப் பிழை உடன்பாட்டுப் பிழை அல்ல

பத்திர அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு நிலைமை இருக்கிறது. இருவரும் ஒரே மனையைத்தான் நேரில் போய்ப் பார்த்தார்கள், ஒரே விலைதான் பேசினார்கள். ஆனால் பத்திரத்தில் சர்வே எண் ஒரு இலக்கம் மாறிவிட்டது, அல்லது கிழக்கு எல்லை மேற்காகிவிட்டது. இங்கே உடன்பாட்டில் பிழை இல்லை. அதை எழுதியதில்தான் பிழை. ஒப்பந்தம் செல்லாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரு தரப்பும் சேர்ந்து பிழைதிருத்தல் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம். ஒருவர் மறுத்தால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963-இன் 26-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் இருவருமே உண்மையில் வேறொன்றைத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள், எழுத்து அதைத் தவறாகக் காட்டுகிறது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஜெத்தா கப்பலைப் பேசியவர் தோற்றதும் இந்த இடத்தில்தான். எழுத்து தவறவில்லை, அவர் கணக்கே தவறியிருந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் பிழை என்று தெரிந்தவுடன், அது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எழுத்தில் மட்டும் என்றால் திருத்தலாம். இருவர் மனத்திலும் என்றால், அது இன்றியமையாத விஷயமா, வெறும் விலைக் கணிப்பா என்று கேட்க வேண்டும். இன்றியமையாததாக இருந்தால் உடன்பாடு செல்லாது. வாங்கியதை அவரவர் திருப்பித் தர வேண்டும். அப்போதும் கொடுத்தது திரும்பும், அவ்வளவுதான். பேரம் நடந்திருந்தால் வந்திருக்கும் லாபத்தை நஷ்டஈடாகக் கேட்க முடியாது. ஒருவர் மனத்தில் மட்டும் பிழை என்றால், எதிராளிக்கு அது தெரியும் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், பேச்சுவார்த்தைக் குறிப்பு என எதுவும் சான்றாகலாம். அப்படி எதுவும் இல்லை என்றால் கையெழுத்து கட்டும்.

பிழை தெரிந்த பிறகு காலம் தாழ்த்துவது பெரிய கேடு. 'கிரேட் பீஸ்' வழக்கில் மீட்பு நிறுவனம் வேறு கப்பலுக்காகக் காத்திருந்த அந்த இடைவெளியே அதற்கு எதிரான சான்றாயிற்று. தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவிப்பதும், அதன் பிறகு ஒப்பந்தப் பயன் எதையும் பெறாமல் இருப்பதும் வழக்கைக் காப்பாற்றும்.

கையெழுத்துக்கு முன் செய்யக்கூடியது இன்னும் எளிது. நிலம் என்றால் குழியோ மாவோ எழுதும் இடத்தில் சதுர அடியையும் சர்வே எண்ணையும் சேர்த்து எழுதலாம். நாள் என்றால் பண்டிகையையோ தமிழ்த் தேதியையோ மட்டும் எழுதாமல், ஆங்கிலத் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதலாம். விலை என்றால் ஒரு பொருளுக்கா, மொத்தத்துக்கா, ஓர் ஆண்டுக்கா என்று ஒரு சொல் கூட்டலாம். பியர்லெஸ் ஒப்பந்தத்தில் 'அக்டோபரில் புறப்படும்' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. பிழை பற்றிய சட்டம் அந்த இரண்டு சொற்களை நமக்காக எழுதித் தராது. அவை இல்லாததால் உடன்பாடு பிறந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும்.